உராய்வுக் கணக்கு மூன்றே வகை

முதலாண்டு மாணவர்கள் பரீட்சையில் தேறவேண்டும் என்னும் நல்லெண்ணத்தாலேயே என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பொறியியற் கல்லூரி இந்தப் பருவத்தில் இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் பாடத்துக்கென அச்சிட்டு வழங்கியிருக்கும் மாதிரிக் கணக்குத் திரட்டையும், அதனோடு ஆசிரியர்களுக்கு அனுப்பியிருக்கும் மதிப்பெண் குறிப்பையும் பார்த்தபின் சும்மா இருப்பது இயலாத காரியமாகிவிட்டது. சாய்தளக் கணக்கு, ஏணிக் கணக்கு, ஆப்புக் கணக்கு, பெல்ட் கணக்கு என்று படத்தின் சாயலைக் கொண்டு வகை பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் ஏழெட்டுப் படிகளை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். அலகைச் சரிபார்க்கும்படி ஒரு வரியும் அதில் இல்லை. விடையில் அலகு விடுபட்டால் அரை மதிப்பெண் குறைத்தால் போதும் என்கிறது குறிப்பு.

வகைப்படுத்துவது பிழை என்பது என் அபிப்பிராயமன்று. எதைக் கொண்டு வகைப்படுத்துகிறோம் என்பதே விஷயம். திரட்டின் சாய்தளப் பகுதியில் உள்ளதைப் போன்ற ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 20 பாகை சாய்ந்த பலகையின்மேல் 50 கிலோகிராம் நிறையுள்ள மரக்கட்டை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது; நிலை உராய்வுக் கெழு 0.5, கட்டையின்மீது செயல்படும் உராய்வு விசை எவ்வளவு? திரட்டு கற்பித்த மாணவன் படி தவறாமல் போகிறான். எடை 490.5 நியூட்டன், பலகைக்குச் செங்குத்தான எதிர்விசை 460.9 நியூட்டன்; F = μN என்னும் சூத்திரப்படி உராய்வு 230.5 நியூட்டன் என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டுவிடுகிறான்.

அந்த விடை உண்மையானால் நிகழவேண்டியது என்ன என்று எண்ணிப் பாருங்கள். எடையில் சாய்வின் வழியே கீழ்நோக்கி இழுக்கும் கூறு 167.8 நியூட்டன்தான். உராய்வோ மேல்நோக்கி 230.5 நியூட்டன் என்கிறான். மிச்சமுள்ள 62.7 நியூட்டன் அந்தக் கட்டையை, யாரும் தொடாமலே, வினாடிக்கு வினாடி 1.25 மீட்டர் வேகம் கூடும்படி மேட்டை நோக்கி ஏற்றிக்கொண்டு போகவேண்டும்! உண்மையில் கட்டை அசையாமல் இருக்கிறது; ஆகவே அதைப் பிடித்து நிறுத்தும் உராய்வு, இழுக்கும் கூறுக்குச் சரிசமமாக 167.8 நியூட்டனேயன்றி ஓர் இம்மியும் அதிகமாக இருக்க நியாயமில்லை. 230.5 என்பது உராய்வு எட்டக்கூடிய உச்சவரம்பு. இப்போது செயல்படும் அளவு அதுவன்று.

உராய்வுக் கணக்குகளைப் படத்தை வைத்துப் பிரித்தால் முப்பது வகை கிடைக்கும். பொருளின் நிலையை வைத்துப் பிரித்தால் மூன்றே வகைதான். பொருள் நழுவுமா நிற்குமா என்று தெரியாதது முதல் வகை. இதில் நிற்கிறது என்று முதலில் வைத்துக்கொண்டு, சமநிலைச் சமன்பாடுகளால் தேவையான உராய்வைக் கண்டு, அதை உச்சவரம்போடு ஒப்பிடவேண்டும். தேவை வரம்புக்குள் அடங்கினால் அத்தேவையே விடை. இன்னும் சற்று அசைந்தால் நழுவிவிடும் என்னும் தறுவாயில் இருப்பது இரண்டாம் வகை. ‘குறைந்தபட்ச விசை’, ‘அதிகபட்சக் கோணம்’ என்னும் சொற்கள் வினாவிலே வந்தால் அது இதுதான். நிலை உராய்வுக் கெழுவைக் கொண்டு F = μN என்பதை ஆரம்பத்திலேயே எழுத உரிமையுள்ள இடம் இது ஒன்றே. ஏற்கெனவே நழுவிக்கொண்டிருப்பது மூன்றாம் வகை. இதற்குரியது இயக்க உராய்வுக் கெழு. மேற்சொன்ன பலகையை 30 பாகைக்கு உயர்த்துங்கள். நிற்பதற்குத் தேவையான உராய்வு 245 நியூட்டனாகவும், வரம்பு 212 நியூட்டனாகவும் ஆகிவிடுவதால் கட்டை நழுவுகிறது. கணக்கு முதல் வகையிலிருந்து மூன்றாவதற்குத் தாவிவிடுகிறது. படமோ மாறவேயில்லை! படத்தை நம்பிய திரட்டு இந்தத் தாவலை மாணவனுக்கு எவ்விதம் அறிவிக்கும்?

அலகுக்கு வருவோம். எடைக்குப் பதிலாக நிறையையே போட்டு, உராய்வின் வரம்பு 23.5 என்று எழுதும் மாணவர் வகுப்புதோறும் உண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் பிழை தெரியாது. ஒவ்வொரு வரியிலும் அலகை உடன் எழுதி வந்திருந்தால், இறுதியில் நிற்பது கிலோகிராம் என்பதும், விசைக்கு வேண்டிய நியூட்டன் அங்கே இல்லை என்பதும் அந்த இடத்திலேயே கண்ணில் பட்டிருக்கும். அலகுச் சோதனை எல்லாப் பிழையையும் பிடிக்குமா என்றால், பிடிக்காது. சைனுக்குப் பதில் கோசைனைப் போட்டாலும் அலகு நியூட்டனாகவே இருக்கும். அதற்கு வேறொரு சோதனை உண்டு: சாய்வைப் பூஜ்யமாக்கிப் பார்ப்பது. சமதரையில் நழுவ இழுக்கும் கூறு பூஜ்யமாக வேண்டும். மாறாக முழு எடையும் வந்து நின்றால் சைனும் கோசைனும் இடம் மாறிவிட்டன என்பது நிச்சயம். இவ்விரு சோதனைகளுக்கும் சேர்ந்து அரை நிமிஷம்கூடப் பிடிக்காது.

அலகுக்கு அரை மதிப்பெண் என்று விலை நிர்ணயித்தவர்கள், 4.45 என்னும் எண்ணைத் தங்கள் மேசையின்மேல் எழுதி ஒட்டிவைக்கவேண்டும் என்று பிரார்த்திக்கிறேன். ஒரு பவுண்டு விசைக்கு எத்தனை நியூட்டன் என்பதே அந்த எண். 1998 டிசம்பரில் அமெரிக்காவின் நாசா செவ்வாயை நோக்கி அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்னும் விண்கலம், ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட பிரயாணத்தில் தன் நிலையைச் சரிசெய்துகொள்ளச் சிறு உந்திகளை அவ்வப்போது இயக்கியது. அந்த உந்துதலின் கணத்தாக்கைத் தரையிலிருந்த ஒரு கணினி நிரல் பவுண்டு விசை-வினாடியில் தந்தது. விதிமுறைப்படி அதை நியூட்டன்-வினாடி என்றே கொண்டு பாதையைக் கணித்தது அடுத்த நிரல். ஒவ்வொரு முறையும் உந்துதலின் விளைவு 4.45 மடங்கு குறைவாகவே கணக்கில் ஏறிற்று. சிறுகச் சிறுகச் சேர்ந்த அந்தப் பிழையினால், 1999 செப்டம்பர் 23 அன்று, கிரகத்துக்குச் சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவேண்டிய கலம் 57 கிலோமீட்டர் உயரத்துக்குத் தாழ்ந்து, வாயுமண்டலத்திற் புகுந்து தொடர்பற்றுப் போயிற்று. சூத்திரம் தவறவில்லை, படிகள் தவறவில்லை, கூட்டல் கழித்தலும் தவறவில்லை. கணத்தாக்கும் உந்தமும் நம் முதலாண்டுப் பாடத்திலேயே உள்ளவை. அந்தக் கல்லூரியின் மதிப்பெண் குறிப்பின்படி திருத்தினால் அந்தக் கணக்குக்கு இழப்பு அரை மதிப்பெண். வாஸ்தவத்தில் இழப்பு விண்கலம் முழுவதும்.

பலவீனமான மாணவர்களுக்குத் திரட்டு ஊன்றுகோல் என்று சமாதானம் சொல்வோருக்கு நெடிய பதில் தேவையில்லை. 167.8 வரவேண்டிய இடத்தில் 230.5 தருவது ஊன்றுகோலாகாது. பாடத்திட்டம் பெரிது, அவகாசம் போதாது என்போரும் மூன்று வகையைக் கற்பிப்பது முப்பது வகையைக் கற்பிப்பதைவிடச் சுருக்கம் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

ஆகவே செய்யத்தக்கது தெளிவு. படவாரியான திரட்டுகள் அனைத்தையும் வகுப்பறையிலிருந்து உடனே விலக்கிவிட்டு, பொருள் நிற்கிறதா, தறுவாயில் இருக்கிறதா, நழுவுகிறதா என்னும் முதற் கேள்வியோடு தொடங்கி, வரிதோறும் அலகு எழுதி, இறுதியில் சாய்வைப் பூஜ்யமாக்கிச் சோதிப்பதோடு முடியும் ஒற்றைத் தாளை அவற்றுக்குப் பதிலாகத் தரவேண்டும். அலகில்லாத விடைக்குப் பூஜ்யமே மதிப்பெண் என்று எல்லாச் சர்வகலாசாலைகளும் விதி செய்யவேண்டும். அப்படிச் செய்யும்வரை நாம் வழங்கும் பொறியியற் பட்டத்தை நம்பி ஒரு பாலத்தையும் எழுப்ப இயலாது.