வரவா, செலவா?

ஆப்ஷன் சந்தையில் அடியெடுத்து வைக்கும் நண்பர்கள் பலர், "பணம் கொடுத்துத் தொடங்கும் டெபிட் ஸ்பிரெட்டைவிட, பணம் வாங்கித் தொடங்கும் கிரெடிட் ஸ்பிரெட்டே மேல்" என்று வாதிடக் கேட்டிருக்கிறேன். இது கண்மயக்கு என்பதே என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு. நிஃப்டி 24,000 புள்ளியில் இருக்கிறது. ஏறும் என நினைக்கிறோம். 24,000 கால் ஆப்ஷனை வாங்கி, 24,200 காலை விற்கிறோம். நிகரச் செலவு 90 புள்ளி. முடிவு நாளில் நிஃப்டி 24,200க்கு மேல் நின்றால் இலாபம் 110. 24,000க்குக் கீழே போனால் நட்டம் 90. இனி அதே இரு விலைகளில், 24,200 புட்டை விற்று 24,000 புட்டை வாங்குவோம். கைக்கு 110 வரும். மேலே நின்றால் அந்த 110 நமதே. கீழே போனால் 200 கொடுக்க வேண்டும், நட்டம் 90. இரண்டும் ஒன்றே அன்றோ?

ஆகவே வரவு, செலவு என்ற பெயரன்று, விலைகளை எங்கே வைக்கிறோம் என்பதே கேள்வி. ஏற்றத்தில் உறுதியான நம்பிக்கை இருந்து, ஏற்ற இறக்க எதிர்பார்ப்பு குறைந்து பிரீமியம் மலிவாக இருந்தால், மேற்சொன்ன டெபிட் ஸ்பிரெட் பொருந்தும். "ஏறாவிட்டாலும் பெரிதாக விழாது" என்ற அளவே நம்பிக்கை இருந்து, பிரீமியமும் கொழுத்திருந்தால், சந்தைக்குக் கீழே 23,800 புட்டை விற்று 23,600 புட்டை வாங்கலாம். வரவு 60, தவறினால் நட்டம் 140. பத்து முறையில் ஏழு முறை முழுதாக வென்று மூன்று முறை முழுதாகத் தோற்றால் கணக்கு சமன். அமைதியான காலத்தில் இதே ஸ்பிரெட்டுக்கு 35 தான் கிடைக்கும் என்றால், எட்டு முறை வென்றாலும் நட்டமே.

ஆனால் பிரீமியம் கொழுத்திருப்பது காரணமின்றி அன்று. 2024 ஜூன் 3 அன்று, தேர்தல் முடிவுக்கு முந்தைய நாள், நிஃப்டி 23,263இல் முடிந்தது. அன்று ஒருவர் 22,800 புட்டை விற்று 22,600 புட்டை வாங்கினார் என வைத்துக்கொள்வோம். மறுநாள் நிஃப்டி 21,884க்குச் சரிந்தது. இரு விலைகளும் தலைக்கு மேலே போயின. ஆயினும் ஜூன் 6, முடிவு நாளில் நிஃப்டி 22,821இல் நின்றது. பொறுத்தவருக்கு முழு வரவு. அஞ்சி நடுவில் விற்றவருக்குப் பெரு நட்டம்.

பொறுக்க முடிந்தவர் யார்? மிகுதியான நட்டத்தை முதல் நாளே செலவெனக் கணக்கில் எழுதி, அது தாங்கும் அளவுக்கு மட்டும் விற்றவரே. வாங்கிய 60ஐ வருமானமென எண்ணியவர் அதற்கேற்பப் பன்மடங்கு விற்றிருப்பார். ஜூன் 4 அவரை விட்டு வைத்திராது. கிரெடிட் ஸ்பிரெட்டிலும் நாம் போடும் முதல் உண்டு. அது 60 அன்று, 140.