நாலு மணி வெயில் விழாத படம்

வாட்ஸ்அப்பில் வரும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளை மேஜைகள், ஓரத்தில் பச்சைச் செடிகள், சுவரில் அறுகோணப் பலகைகள், ஜன்னல் வழியே சாய்ந்து விழும் இளவெயில். பார்த்தவுடனே அங்கே உட்கார்ந்து வேலை செய்யத் தோன்றும். ஆனால் அந்த அறை இன்னும் கட்டப்படவே இல்லை. கம்ப்யூட்டரில் வரைந்த படம், அதாவது 'த்ரீ-டி வியூ'.

சேலம் கருப்பூர் அருகே ஆனைகவுண்டன்பட்டியில் 2024 செப்டம்பரில் 'டைடல் நியோ' கட்டடம் திறக்கப்பட்டது. சொந்த ஊரிலேயே கம்பெனி தொடங்கலாம் என்ற நம்பிக்கை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. தெரிந்த தம்பி ஒருவர், சேலம் - நாமக்கல் சாலையில் ஒரு மாடி ஹாலை வாடகைக்குப் பேசி, தன் குழுவுக்குப் போக மீதி மேஜைகளை மற்றவர்களுக்கு மாத வாடகைக்கு விடத் திட்டமிட்டார். 50 அடி நீளம், 30 அடி அகலம், 10 அடி உயரம். 24 இருக்கைகள். மேற்குச் சுவர் முழுக்க ஜன்னல். கிழக்கே பக்கத்துக் கட்டடம் ஒட்டி நிற்பதால் அங்கே வெளிச்சத்துக்கு வழியில்லை. டிசைனர் கொடுத்த படம் அருமையாக இருந்தது. அதைப் பார்த்த அவருடைய பெரியப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "ஏந்தம்பி, இது எத்தனை மணிக்கு எடுத்த போட்டோ?"

எடுத்த போட்டோ இல்லை என்றாலும் கேள்வி மிகச் சரியானது. படம் வரையும் மென்பொருளில் ஊர், வடதிசை, தேதி, நேரம் என நான்கையும் கொடுத்தால், அன்றைக்கு அந்த ஊரில் சூரியன் நிற்கும் இடத்திலேயே வெயில் விழும். கொடுக்காவிட்டால் டிசைனர் விரும்பிய இடத்தில் சூரியன் நிற்கும். பெரும்பாலும் ஏதோ ஐரோப்பிய ஊரின் வானத்தைப் படமாக எடுத்து ஜன்னலுக்கு வெளியே ஒட்டிவிடுகிறார்கள். அந்த வெயில் நம் வெயில் இல்லை.

சேலத்துக்கு ஏப்ரல் 20, ஆகஸ்ட் 22 வாக்கில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் மதிய வெயில் வடக்கிலிருந்து விழும். 'வடக்கு ஜன்னலில் வெயிலே வராது' என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை நம்பி நம் ஊரில் மேஜை போட்டால், ஜூன் மாதம் பதில் சொல்லிவிடும்.

தம்பியின் ஹாலுக்கு மேற்குதான் பிரச்னை. ஏப்ரலில் மாலை நாலரை மணிக்கு சூரியன் தரையிலிருந்து சுமார் 28 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய நேர் மேற்கில் இருக்கும். ஜன்னலின் மேல் விளிம்பு ஏழடி, மேஜை இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், மேஜை மட்டத்தில் வெயில் சுமார் எட்டரை அடி உள்ளே வரும். மேலே இரண்டடி சன்ஷேட் இருந்தாலும் ஆறரை அடி வரும். தாழ்ந்த வெயிலை சன்ஷேட் மறைக்காது. படத்தில் அழகாக இருக்கும் ஜன்னலோர வரிசையில் நாலு மணிக்கு மேல் லேப்டாப் திரையே தெரியாது. உள்ளே திரைச்சீலை போட்டால் கண்கூச்சம் போகும். ஆனால் சூடு அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். தடுப்பு வெளியே இருக்க வேண்டும். செங்குத்துப் பலகைகளோ, நம் மூங்கில் தட்டியோ எதுவானாலும் சரி.

அடுத்தது எதிர்ப்பக்கம். ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல சுமார் இரண்டு மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் வேலைக்கு உதவும். இங்கே அது 14 அடி. 30 அடி ஹாலில் பின்பாதி பகலிலும் விளக்கை நம்பித்தான் இருக்கும். படத்தில் மட்டும் அது எப்படிப் பளிச்சென்று இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத விளக்குகளைக் கூரையருகே ஒளித்து வைப்பார்கள். பின்வரிசை நாற்காலிகளின் நிழலைப் பாருங்கள். ஜன்னலுக்கு எதிர்த் திசையில் விழாமல் நாலா பக்கமும் விழுந்தால், வெளிச்சம் ஜன்னலிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். எல்லா விளக்கையும் அணைத்து இன்னொரு படம் கேட்கலாம்.

படத்தில் செடி வைத்திருந்ததும் அந்த இருட்டு மூலையில்தான், அதுவும் அகல இலை ஃபிடில் லீஃப். அங்கே வைத்தால் இலை உதிர்ந்துகொண்டே போகும். பாம்புக் கற்றாழையும் மணி பிளான்ட்டும் அந்த இடத்தில் தாக்குப்பிடிக்கும். அரிக்கா பாம் ஜன்னல் பக்கம் வரட்டும்.

இடம் தாராளமாகத் தெரிகிறதே என்றால், தரை டைல்ஸை எண்ணுங்கள். டைல்ஸ் இரண்டடிக்கு இரண்டடி என்றால், நாலடி மேஜை இரண்டு டைல்ஸை மறைக்க வேண்டும், நடைபாதைக்கு ஒன்றரை டைல்ஸ் மிஞ்ச வேண்டும். குறைந்தால் மேஜையைச் சுருக்கி வரைந்திருக்கிறார்கள். அகன்ற கோண லென்ஸ் வைத்தும் ஹாலை நீட்டலாம். ஆனால் டைல்ஸ் எண்ணிக்கை மாறாது.

படத்தில் காட்டவே முடியாத ஒன்று சத்தம். சுவரில் இருந்தவை ஆறு பலகைகள், ஒவ்வொன்றும் நாலடிக்கு இரண்டடி. மொத்தம் 48 சதுர அடி. ஒரு சத்தம் எழுந்தபின் எதிரொலியாகச் சுழன்று அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஹார்வர்டு பேராசிரியர் வாலஸ் சபைன் 1890-களில், தியேட்டர் இருக்கையின் மெத்தைகளைத் தூக்கி வந்து வகுப்பறையில் பரப்பிப் பரப்பிக் கண்டுபிடித்தது. அறையின் கொள்ளளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, சத்தத்தை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும்.

தம்பியின் ஹால் சுமார் 425 கன மீட்டர். டைல்ஸ் தரை, சுண்ணாம்புச் சுவர், கண்ணாடி, 24 பேர் எல்லாம் சேர்ந்தாலும் உறிஞ்சுவது 21 சதுர மீட்டர் அளவுக்குத்தான். சத்தம் அடங்க 3.3 வினாடி ஆகும். அந்த ஆறு பலகையும் மாட்டினால் 2.7 வினாடி. போன் பேசும் அலுவலகத்துக்கு முக்கால் வினாடிக்குள் அடங்கினால்தான் நிம்மதி. அதற்கு இரண்டங்குல கனத்தில் துணி சுற்றிய கிளாஸ் வூல் பலகை சுமார் 850 சதுர அடி வேண்டும். சுவரில் அவ்வளவையும் மாட்டுவது சிரமம். கூரை 1,500 சதுர அடி சும்மா இருக்கிறது. அங்கே தொங்கவிட வேண்டியதுதான். அப்போதும் பக்கத்து மேஜைக்காரர் பேசுவது கேட்கும், எதிரொலிதான் குறையும். நீண்ட போன் பேச்சுக்குக் கதவு மூடிய சின்ன அறை தனியாக வேண்டும்.

தம்பி திரும்பவும் படம் கேட்டார். ஏப்ரல் 20, மாலை நாலரை மணி, ஊர் சேலம், விளக்குகள் அணைத்து. வந்த படத்தில் ஜன்னலோரம் வெள்ளை வெளேரென்று எரிந்தது, பின்பாதி மங்கிக் கிடந்தது. ஜன்னலோரத்தை நடைபாதையாக்கி, மேஜைகளை எட்டாவது அடிக்கு அப்பால் தள்ளினார். போன் அறை இரண்டும் இருட்டுப் பக்கம் போயின. 24 இருக்கை 20 ஆனது. வாடகைப் பேச்சை இப்போது 20 இருக்கைக் கணக்கில்தான் மறுபடி தொடங்கியிருக்கிறார்.