தோட்டக்காரருக்கு ஸ்டார்டியூ வாலியைப் பரிசளிக்காதீர்கள்

பனிக்காலம் தொடங்கியதும் நம் பெடியள் எல்லோரும் ஒரே ஆலோசனையைத்தான் சொல்கிறார்கள். "அம்மாவுக்குத் தோட்டம் விருப்பமா? ஸ்டார்டியூ வாலி வாங்கிக் குடு, ஆறுதலா விளையாடுவா." இதை நான் முற்றாக மறுக்கிறேன். எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாக உருவாக்கி 2016இல் வெளியிட்ட அந்த விளையாட்டு அருமையானது. ஆனால் உண்மையாகவே தோட்டம் செய்கிற ஒருவருக்கு அது ஓய்வு தராது.

கணக்கைப் பாருங்கள். அதில் ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 2 மணிக்கு முடிகிறது. நம் கடிகாரத்தில் அது ஏறத்தாழ 14 நிமிடம். ஒரு பருவத்துக்கு 28 நாட்கள். அதாவது ஒரு முழு வசந்த காலம் ஆறரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். படுக்கைக்குப் போனால்தான் விளையாட்டு சேமிக்கப்படும். நடுவில் அடுப்பில் கறி கொதித்தால் மெனுவைத் திறந்து நேரத்தை நிறுத்தி வைக்கலாம். ஆனால் மூடிவிட்டுப் போனால் அன்றைய வேலை போய்விடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பருவத்தின் கடைசி நாள். கோலிபிளவர் விளைய 12 நாள் வேண்டும். 16ஆம் நாள் நட்டு, ஒரு நாளும் தவறாமல் தண்ணீர் ஊற்றினால் 28ஆம் நாள் பறிக்கலாம். 17ஆம் நாள் நட்டால் மறுநாள் கோடை பிறந்துவிடும், செடி முழுவதும் செத்துக் கிடக்கும். விரைவு உரம் போடாவிட்டால் தப்ப வழியில்லை. ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் அந்த ஒரு நாள் பின்தள்ளிப்போகும்.

ஸ்காபரோவில் ஒரு வீட்டுத்தோட்டம் எப்படி நடக்கிறது? அம்மா மார்ச் கடைசியில் யன்னலோரத்தில் தக்காளி விதை போடுவார். மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறையை ஒட்டிக் கன்றுகளை வெளியே நடுவார். 70 நாளில் காய்க்கும் வகை என்றால் ஆகஸ்ட் தொடக்கத்தில் பழம். முதல் உறைபனி பெரும்பாலும் அக்டோபரில்தான் வரும். ஒரு கிழமை பிந்தி நட்டாலும் சாப்பிடலாம். உறைபனி வரும் இரவில் பழைய படுக்கை விரிப்பால் மூடிவிட்டால் இன்னும் சில நாள் தாங்கும். நிலம் நமக்குத் தவணை கொடுக்கிறது. ஸ்டார்டியூ கொடுப்பதில்லை. நான் வேலையில் இரண்டு கிழமைக்கு ஒரு முறை முடிக்கவேண்டிய ஸ்பிரின்ட் போலத்தான் அது ஓடுகிறது. அதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு "ஆறுதல்" என்று சொல்வது நியாயமா?

"சின்னதா நாலு பாத்தி மட்டும் செய்யலாமே" என்பீர்கள். நீங்கள் செய்வீர்கள். செடி வாடினால் மனம் கேளாத ஒருவர் அப்படி விளையாட மாட்டார். கணினியில் TimeSpeed என்ற மோட் போட்டு நாளை நீட்டலாம். அதை நிறுவி, விளையாட்டு புதுப்பிக்கும்போதெல்லாம் சரிபார்த்துக் கொடுக்கப் போவது யார்?

நான் சொல்வது 2020இல் நின்டெண்டோ வெளியிட்ட அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ். அதன் கடிகாரம் நம் கடிகாரமேதான். வட அரைக்கோளம் என்று தேர்ந்தால் டிசம்பர் 11இல் நிலம் வெள்ளையாகும், பிப்ரவரி 25இல் பச்சை திரும்பும். பத்து நாள் போகாவிட்டால் களை முளைத்திருக்கும், பூச்செடி எதுவும் சாகாது. காலையில் தேத்தண்ணியோடு இருபது நிமிடம் போதும்.

அதிலும் குறை உண்டு. அங்கே தக்காளி ஜனவரிப் பனியிலும் காய்க்கும். செரி மரம் ஏப்ரல் 1 முதல் 10 வரை பூக்கும். நம் ஹை பார்க்கில் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான் பூக்கிறது. நாட்காட்டியை ரொறன்ரோவுக்கு ஏற்றபடி மாற்ற, சுவிட்சின் திகதியைத் திருத்துவதைத் தவிர வழியில்லை. திகதியைப் பின்னோக்கித் திருப்பினால் கையிலுள்ள டர்னிப் எல்லாம் அழுகிவிடும்.

ஆகவே அங்கே மரக்கறியை விட்டுவிடச் சொல்லுங்கள். பூவைக் காட்டுங்கள். கடையில் சிவப்பு, மஞ்சள் டியூலிப் விதை வாங்கி அருகருகே நட்டு, சுற்றிலும் வெற்றிடம் விட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினால், ஒரு நாள் காலையில் அந்த வெற்றிடத்தில் செம்மஞ்சள் டியூலிப் நிற்கும். சில நாளிலும் வரலாம், ஒரு கிழமைக்கு மேலும் ஆகலாம். வராத நாளில் நட்டம் எதுவும் இல்லை. இப்படிக் காத்திருப்பது தோட்டக்காரருக்குப் பழக்கமான வேலை. பரிசு வாங்கும் முன் அதை நினையுங்கள்.