ஏசி மாட்டணுமா? ஹவுஸ் ஓனருக்கு ஒரு கடிதம்!

வாடகை வீட்டில் ஏசி மாட்டும்போது வராத சண்டை, காலி செய்யும்போது வரும். சுவரில் ஓட்டை போட்டதாகச் சொல்லி அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். 'அன்னிக்கு சரின்னு சொன்னீங்களே' என்றால் எடுபடாது. அதனால் எழுதிக் கேளுங்கள். மாதிரிக் கடிதம் இதோ:

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் படுக்கையறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியும், சமையலறையில் ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டரும் பொருத்த உங்கள் அனுமதி வேண்டும்.

ஏசிக்காகச் சுவரில் சுமார் 3 அங்குலத் துளை ஒன்று போட வேண்டும். அவுட்டோர் யூனிட்டை பால்கனியில் வைப்போம். ஏசி தண்ணீர் கீழ்வீட்டில் சொட்டாதபடி குழாயை பால்கனி வடிகாலில் விடுவோம். மெயின் போர்டிலிருந்து தனி வயரும் தனி எம்.சி.பி.யும் போடுவோம். மின் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. லோடு கூட்ட வேண்டுமென்று எலெக்ட்ரீஷியன் சொன்னால் உங்கள் கையெழுத்து தேவைப்படும், செலவு எங்களுடையது.

ஃபில்டருக்குச் சுவரில் இரண்டு ஸ்க்ரூவும் குழாயில் ஓர் இணைப்பும் போதும். அதன் கழிவுநீரை வாளியில் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள்வோம்.

காலி செய்யும்போது இரண்டையும் எடுத்துக்கொண்டு, துளைகளை அடைத்து பெயின்ட் அடித்துத் தருவோம். புது வயரிங் வீட்டோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
(உங்கள் பெயர், தேதி)

பதில் வாட்ஸ்அப்பில் வந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வேலை தொடங்கும் முன் அந்தச் சுவரை ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள். முன்பே இருந்த விரிசல் உங்கள் கணக்கில் ஏறாது!