வரைந்து பழகுவோம்: விளக்குச் சுடரும் பின்னலும்



அசையும் சித்திரம் வரையத் தொடங்கும் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. முதல் தாளில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக இறுதி வரை வரைந்து போவதா? அல்லது தொடக்கம், முடிவு போன்ற முக்கிய நிலைகளை முதலில் வரைந்துவிட்டு இடைவெளிகளைப் பிறகு நிரப்புவதா? முதலாவதை 'ஸ்ட்ரெயிட் அஹெட்' என்பார்கள். நாம் தொடர் வரைதல் என்போம். இரண்டாவது 'போஸ் டு போஸ்', அதாவது நிலைக்கு நிலை வரைதல்.

டிஸ்னி ஓவியர்களான பிராங்க் தோமஸும் ஒலி ஜோன்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட நூலில் கூறிய 12 அடிப்படை விதிகளில் இதுவும் ஒன்று. எதை எப்போது தெரிவு செய்வது என்பதை இரண்டு சிறிய பயிற்சிகளால் பார்ப்போம். இரண்டுக்கும் 12 தாள்கள் போதும். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடும். ஒவ்வொரு தாளையும் இரண்டு படங்களுக்கு நிறுத்தினால் 12 தாள்கள் ஒரு விநாடியாகும்.

முதலில் குப்பி விளக்கின் சுடர். இடப்பக்கம் சாய்ந்த சுடரையும் வலப்பக்கம் சாய்ந்த சுடரையும் வரைந்து, நடுவே நிமிர்ந்த சுடரை வைத்தால் என்ன நடக்கும்? சுடர் காற்றிலாடும் இலை போலத் தெரியும், நெருப்பாகத் தெரியாது. ஏனென்றால் நெருப்பு ஒரே உருவம் அசைவதல்ல. கீழே புதிதாகப் பிறந்து, மேலே ஏறி, நுனியில் மறைந்துகொண்டே இருப்பது. ஆகவே சுடருக்குத் தொடர் வரைதலே பொருந்தும்.

முதல் தாளில் திரிக்கு மேலே ஒரு பக்கம் சிறு புடைப்பு வரையுங்கள். அடுத்த தாளில் அது சற்று மேலே ஏறட்டும். அது பாதி உயரம் வந்ததும் மறுபக்கம் இன்னொரு புடைப்பு பிறக்கட்டும். புடைப்பு நுனியை அடைந்ததும் ஒரு துண்டு பிரிந்து, அடுத்த இரண்டு தாள்களில் சிறுத்து மறையட்டும். தொடர்ந்து வரையும்போது சுடர் நம்மையறியாமல் பெருத்துவிடும். அதனால் திரியின் இடத்தையும் உச்ச உயரத்தையும் எல்லாத் தாள்களிலும் மெல்லிய கோடாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த 12 தாள்களையும் திரும்பத் திரும்ப ஓட்டுவதானால், பன்னிரண்டாவதிலிருந்து முதலாவதுக்குப் போகும்போது சுடர் துள்ளும். விநாடிக்கு ஒருமுறை கண்சிமிட்டுவது போல அது தெரியும். எனவே பத்துத் தாள்களைத் தொடர்ந்து வரைந்துவிட்டு, கடைசி இரண்டை மட்டும் பத்தாவதையும் முதலாவதையும் பார்த்து, இரண்டையும் இணைக்கும்படி வரையுங்கள்.

அடுத்தது பின்னல். உச்சியில் உயர்த்திக் கட்டிய பின்னலோடு ஒரு சிறுமி, முதுகைக் காட்டி நின்று, தலையை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் சாய்க்கிறாள். இங்கே இரண்டு முறைகளும் வேண்டும். தலை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று நமக்குத் தெரியும். ஆகவே தலையை நிலைக்கு நிலை வரையுங்கள். முதலில் 1ஆம், 5ஆம் தாள்கள், பிறகு நடுவே 3, அதன்பின் 2, 4. ஐந்தாவது தாளிலிருந்து தலை அசையாது.

தலை முடிந்த பிறகே பின்னலைத் தொடவேண்டும். அதை வேறு தாளில், 1 முதல் 12 வரை தொடர்ந்து வரையுங்கள். கட்டிய இடம் தலையோடு வலப்பக்கம் போகும், நுனியோ பின்தங்கி இடப்பக்கமே நிற்கும். தலை நின்ற பிறகு, 6ஆம் தாளில் பின்னலின் நடுப்பகுதி வந்து சேரும். 7, 8இல் நுனி வலப்பக்கம் தாண்டிப் போகும். 9, 10இல் அதைவிடக் குறைவாக இடப்பக்கம் திரும்பும். 12இல் நேராகத் தொங்கும்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை, பின்னல் தாளுக்குத் தாள் நீளுவது. முதல் தாளின் பின்னல் அளவுக்கு ஒரு நூலை வெட்டி வைத்து, ஒவ்வொரு தாளிலும் வளைவின்மேல் வைத்துப் பாருங்கள். முடிந்ததும் 12 நுனிகளையும் ஒரே தாளில் புள்ளிகளாகக் குறித்து, வரிசைப்படி இணையுங்கள். கோடு வழுவழுப்பாக வளைந்தால் அசைவு சரி. ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் அந்தத் தாளை மட்டும் திருத்தினால் போதும்.

12இல் பின்னல் ஓயவில்லையா? அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள், இன்னும் இரண்டு தாள்கள் சேருங்கள். தலை ஏற்கெனவே நின்றுவிட்டதால் பின்னலை மட்டும் வரைந்தால் போதும்.

முடிவு தெரிந்த அசைவுக்கு நிலைக்கு நிலை. உருவம் மாறிக்கொண்டே இருப்பதற்கும், ஒன்றின் பின்னால் இழுபட்டுப் போவதற்கும் தொடர் வரைதல். இரண்டும் ஒரே காட்சியில் வந்தால், இழுப்பதை முதலில் வரையுங்கள், இழுபடுவதைப் பிறகு வரையுங்கள்.