லீவிலும் விடாத காரியாலயம்

வருஷ லீவில் ஊருக்குப் போனவரைக் காரியாலயம் விடுவதில்லை. "ஒரே ஒரு விவரம்" என்று செய்தி வருகிறது. பதில் சொல்ல இரண்டு நிமிஷம்தான். ஆனால் அடுத்தது எப்போது வருமோ என்ற கவலை நாள் முழுதும் நிற்கிறது.

ஜெர்மனியின் டெய்ம்லர் மோட்டார் கம்பெனியில் 2014-ல் பேசப்பட்ட ஏற்பாடு இங்கே கவனிக்கத்தக்கது. லீவில் போகும் ஊழியர் விரும்பினால், அவருக்கு வரும் மின்னஞ்சல்கள் தாமாகவே அழிந்துவிடும். அவர் லீவில் இருக்கிறார், கடிதம் அழிக்கப்பட்டது, அவசரமானால் இன்னாரை அணுகலாம் என்று அனுப்பியவருக்கு உடனே தகவல் போகும்.

வழக்கமான லீவு அறிவிப்பில் கடிதங்கள் பெட்டியில் குவிந்துகொண்டே இருக்கும். திரும்பியதும் அத்தனையும் பார்க்க வேண்டுமே என்ற பயத்திலேயே பலர் லீவிலும் பெட்டியைத் திறக்கிறார்கள். டெய்ம்லர் முறையில் திறந்தாலும் ஒன்றும் இராது. பொறுப்பு அனுப்பியவரிடமே திரும்பிவிடுகிறது.

ஆனால் டெலிபோனை இது தடுக்காது. பதில் ஆளுக்கு முடிவு செய்யும் அதிகாரம் இல்லாவிட்டால், லீவில் இருப்பவரை முதலில் கூப்பிடுபவர் அவராகவே இருப்பார். லீவை அனுமதிக்கும் மேலதிகாரி, அந்த அதிகாரத்தையும் அன்றே பதில் ஆளிடம் ஒப்படைக்க வேண்டும்.