கட்டை அவிழ்க்க விடுங்கள்

எதிர்வீட்டுப் பேத்தி மூன்றாம் வகுப்பு போகிறாள். போன வாரம் கணக்குப் பயிற்சித் தாளோடு ஓடி வந்தாள். தலைப்பு இடமதிப்பு. 20க்கு 20. "26இல் 2இன் இடமதிப்பு என்ன?" என்ற கேள்விக்கு 20 என்று அழகாக எழுதியிருந்தாள். அட்டவணையில் பத்துகள் கட்டத்தில் 2, ஒன்றுகள் கட்டத்தில் 6. பக்கத்தில் ஒரு ஸ்டார்.

எனக்குப் பழைய புத்தி போகவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உடைத்து 26 எண்ணித் தரையில் வைத்தேன். தாளில் 26 என்று எழுதி, 6ஐத் தொட்டு, "இது எந்தக் குச்சிங்கம்மா, காட்டு" என்றேன். ஆறு குச்சியைத் தள்ளினாள். பிறகு 2ஐத் தொட்டேன். இரண்டே இரண்டு குச்சியை எடுத்து வைத்தாள். மீதி 18 குச்சி தரையில் கிடக்கிறது. "இது எங்கே போச்சு?" என்றேன். "தெரியல தாத்தா" என்றாள்.

இந்தக் குழந்தைக்குத்தான் 20க்கு 20 போட்டிருக்கிறோம். குழந்தையைக் குறை சொல்லவில்லை. இடது கட்டத்து எண்ணுக்குப் பின்னால் பூஜ்யம் போட்டால் மதிப்பெண் வரும் என்று அவள் சரியாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். குச்சியைக் காட்டாமல் நேராக அட்டவணையைப் போட்டுப் பாடம் நடத்தினால் இதுதான் கிடைக்கும்.

"நாங்களும் கட்டுக்குச்சி காட்டுகிறோமே சார்" என்று இளைய ஆசிரியர்கள் சொல்வார்கள். காட்டுகிறீர்கள். யார் கட்டியது? ஆசிரியர் வீட்டிலிருந்து கட்டி எடுத்து வந்தது, அல்லது புத்தகத்தில் படமாக அச்சடித்தது, அல்லது பிரிக்கவே முடியாத பிளாஸ்டிக் பத்து. குழந்தைக்கு அது ஒரு பொருள். கட்டு என்று அதற்குப் பெயர், அவ்வளவுதான். உள்ளே பத்து இருப்பதை நீங்கள் சொல்லித்தான் அது நம்ப வேண்டும்.

ஆகவே முதல் வேலை, உதிரிக் குச்சியைக் கொட்டி, குழந்தையையே எண்ணிக் கட்டச் சொல்வது. பத்து ஆனதும் ரப்பர் பேண்ட். ஒன்பதிலும் கட்டக்கூடாது, பதினொன்றிலும் கட்டக்கூடாது. பத்துக்கு மேல் உதிரியாகக் கிடக்கவும் கூடாது. (ஈர்க்குச்சியின் அடிப்பகுதியை விரல் நீளத்துக்கு நறுக்கினால் நன்றாக நிற்கும்.) கட்டி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பல குழந்தைகள் கட்டை அவிழ்த்து ஒன்றிலிருந்து எண்ணும். அந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பதறிப்போய்த் தடுக்கிறார்கள். தடுக்காதீர்கள். கட்டிய பிறகும் அது பத்துதானா என்று குழந்தைக்குச் சந்தேகம். நாலைந்து முறை அவிழ்த்து எண்ணிப் பார்த்த பிறகு தானாகவே "பத்து, இருபது, இருபத்தொன்று" என்று போகும். அதுவரை அட்டவணையைக் கண்ணில் காட்டாதீர்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு மாலை ஆயிற்று.

அதற்காகக் குச்சி மட்டும் போதும் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று கட்டும் நான்கு உதிரியும் வையுங்கள். முப்பத்து நான்கு. உதிரியை இடப்பக்கமும் கட்டை வலப்பக்கமும் மாற்றி வையுங்கள். அப்போதும் முப்பத்து நான்குதான். குச்சிக்கு இடம் தேவையே இல்லை. இப்போது 3, 4 என்று இரண்டு எண் அட்டைகளை இடம் மாற்றுங்கள். 43 ஆகிவிட்டது! இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து காட்டினால் குழந்தை முகம் மாறுவதைப் பார்க்கலாம். குச்சிக் கட்டுக்கு ரப்பர் பேண்ட் இருக்கிறது. 3 என்ற இலக்கத்துக்கு அது இல்லை, அது நிற்கும் இடம்தான் அந்த வேலையைச் செய்கிறது. இதைச் சொல்லத்தான் அட்டவணை. ஒரு பழைய காலண்டர் தாளில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் கட்டு, வலது பக்கம் உதிரி என்று வைக்கச் சொல்லி, எத்தனை கட்டு, எத்தனை உதிரி என்று அதனதன் கீழே எண்ணை எழுதச் சொல்ல வேண்டும். உதிரியே இல்லாவிட்டால் அந்தப் பக்கம் 0.

ஆங்கில வழியில் படிக்கும் குழந்தைகளுக்கு இன்னொரு தொல்லை. செவன்டீன் என்றால் காதில் முதலில் விழுவது ஏழு. கை முதலில் 7 எழுதுகிறது, பிறகு 1. பதினேழு 71 ஆகிவிடுகிறது. 13 முதல் 19 வரை எல்லாவற்றுக்கும் இந்தக் கதைதான். தமிழில் பத்து முன்னால் வருகிறது, ஏழு பின்னால் வருகிறது, எழுதும் வரிசையும் அதுவே. ஆங்கில வழி வகுப்பில் தமிழ் எண்பெயரைச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? (தமிழிலும் தொண்ணூறு ஒன்று தொல்லை தரும், நூறு என்று காதில் விழுவதால். ஒன்பது கட்டு அடுக்கிக் காட்டிவிட்டால் தீர்ந்தது.)

சரி, இதெல்லாம் எதற்கு என்பீர்கள். 52−27 என்று எழுதி மூன்றாம் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். 35 என்று பல விடைத்தாள்கள் வரும். 2இலிருந்து 7 போகாது, ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். குச்சியோடு செய்கிறவர்களும் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். 52க்கும் குச்சி, 27க்கும் குச்சி என்று இரண்டையும் அடுக்கி வைக்கிறார்கள். 7 குச்சி கண்ணெதிரே கிடந்தால் குழந்தை அதிலிருந்து எடுக்காமல் என்ன செய்யும்? 52ஐ மட்டும் வையுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "ஏழு உதிரி கொடு" என்று கை நீட்டுங்கள்.

எதிர்வீட்டுப் பெண் இரண்டைக் கொடுத்துவிட்டு விழித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கட்டையே பார்த்தாள். "அவுக்கலாமா தாத்தா?" என்றாள். கொடுத்த இரண்டையும் திரும்ப வைத்துவிட்டு அவிழ்க்கச் சொன்னேன். நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. அட்டவணையில் 5ஐ அடித்து 4, 2ஐ அடித்து 12 என்று அப்போதே எழுத வைத்தேன். "இப்ப மொத்தம் எத்தனை?" இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 412 என்று படிக்கிற குழந்தை இன்னும் தயாராகவில்லை, திரும்பக் கட்டுவதற்குப் போக வேண்டும். அவள் 52 என்றாள். ஏழு உதிரி கொடுத்தாள், ஐந்து மிச்சம். இரண்டு கட்டு கொடுத்தாள், இரண்டு மிச்சம். 25.

பக்கத்து இலக்கத்திடம் 'கடன் வாங்கு' என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அந்தக் கடனை யாராவது எப்போதாவது திருப்பிக் கொடுத்தார்களா? நம் பாடநூலில் 'இனமாற்றம்' என்று நல்ல சொல் இருக்கிறது. கட்டு உதிரியாக இனம் மாறுகிறது. அவிழ்த்துப் பார்த்த குழந்தைக்கு அந்தச் சொல் உடனே புரியும், பார்க்காத குழந்தைக்கு அதுவும் ஒரு மந்திரம்.

வகுப்பில் 40 பேர், நேரமில்லை என்பீர்கள். எனக்கும் 40 பேர் இருந்தார்கள். இரண்டு பேருக்கு ஒரு செட், முதல் நாள் குச்சி நறுக்கி எண்ணுவதே பாடம். எல்லா எண்ணுக்கும் குச்சி தேவையில்லை. பத்துக் கட்டைச் சேர்த்துப் பெரிய கட்டாக நூறு ஒருமுறை கட்டினால் போதும், ஆயிரத்துக்குக் குச்சி தேடாதீர்கள். குச்சியைத் தொடும் முன்பே விடையைச் சொல்லிவிட்டுச் சரிபார்க்க மட்டும் எடுக்கிற குழந்தைக்கு அதை நிறுத்திவிடலாம்.

நேற்று அவளிடம் அதே தாளில் 26ஐக் காட்டி 2ஐத் தொட்டேன். இரண்டு கட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, "எண்ணிக்கோங்க தாத்தா, அவுக்கணும்னா அவுத்துக்கோங்க" என்றாள்.